காய்ச்சல் விட்ட பிறகு வந்த ஆபத்து: வன்னியில் ஒரு கொரோனா நிகழ்வு ஆய்வு

2021 ஆகஸ்ட் நடுப்பகுதி. இரணைமடுத் தண்ணீரில் விளைந்த சிறுபோக நெல்லை வெட்டிக்கொண்டிருந்த காலம். வெட்டு மெசின் ஓடும் வயலில் தூசு பறக்கும், கச்சான் காற்று அதை வீட்டு வாசல்வரை கொண்டுவரும். அந்த மாதத்தில் வன்னியில் இருமல் இல்லாத ஆளே இல்லை என்று சொல்லலாம். அதே மாதத்தில்தான் டெல்டா வகைக் கொரோனாவும் கிராமம் கிராமமாகப் பரவியது. தூசு இருமல் எது, தொற்று இருமல் எது என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் சின்ன வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அன்றாடச் சிக்கலாகிவிட்டது.

இங்கே எழுதுவது ஒரு வீட்டில் நடந்தது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் நாட்களையும் அளவுகளையும் மாற்றவில்லை, ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் அந்த நாட்களில்தான் இருக்கிறது.

அவருக்கு 58 வயது. நெல் விவசாயி. பத்து வருடமாகச் சீனி வருத்தம், கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். முதல் தடுப்பூசி போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது, இரண்டாவது இன்னும் போடவில்லை. வீட்டில் ஆறு பேர்: அவர், மனைவி, மகன், மருமகள், நான்கு வயதுப் பேரன், 81 வயதான அவருடைய அம்மா. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு விறாந்தை, பின்னால் குசினி, கழிவறை வெளியே.

வியாழக்கிழமை பின்னேரம் தொண்டை கரகரத்தது. தூசு என்று நினைத்தார். இரவு உடம்பு நொந்து காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை காலை, அதாவது நோயின் இரண்டாம் நாள், என்னிடம் வந்தார். வெப்பநிலை 101 பாகை பரனைட். தொண்டை சிவந்திருந்தது. நெஞ்சில் சத்தம் எதுவும் இல்லை. இரத்த ஒட்சிசன் 97, மூச்சு நிமிடத்துக்கு 18. திங்கட்கிழமை வயலில் மெசின் ஓட்டிய பெடியனுக்கு இருமல் இருந்ததா என்று கேட்டேன். "ஓம் டொக்டர், ஆனா அவனுக்கு எப்பவும் இருமல்தான்" என்றார்.

அன்ரிஜன் பரிசோதனை செய்தோம். நெகற்றிவ்.

நான் பனடோல் எழுதிக் கொடுத்தேன், ஓய்வெடுக்கச் சொன்னேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அந்த நெகற்றிவ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று விளக்க ஐந்து நிமிடம் வேண்டும். நான் அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுக்கவில்லை. இந்த ஆய்வை எழுதத் தொடங்கியதே அதனால்தான்.

அந்த ஒற்றைக் கோடு

அன்ரிஜன் பரிசோதனை வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. மூக்கின் உட்பகுதியில் அந்தப் புரதம் போதிய அளவு சேர்ந்திருந்தால்தான் இரண்டாவது கோடு விழும். நோய் தொடங்கிய முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும் அது சேராமல் இருக்கலாம். இப்படிப்பட்ட கருவிகளை ஏற்றுக்கொள்ள உலக சுகாதார நிறுவனம் வைத்த குறைந்தபட்ச அளவே, தொற்றுள்ள நூறு பேரில் எண்பது பேரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான். அப்படியென்றால் நல்ல கருவியிலும் இருபது பேர்வரை தப்பிப் போகலாம். ஊரில் அலை அடிக்கும்போது, நோயாளியோடு நின்ற ஒருவருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தால், ஒற்றைக் கோட்டை வைத்து "கொரோனா இல்லை" என்று சொல்ல முடியாது. "இன்றைக்கு அகப்படவில்லை" என்று மட்டும்தான் சொல்லலாம்.

கோடு இரண்டு விழுந்தால் கதை வேறு. அலை அடிக்கும் நேரத்தில், அறிகுறி உள்ள ஒருவருக்கு விழும் இரண்டாவது கோடு, எவ்வளவு மங்கலாக இருந்தாலும், பெரும்பாலும் உண்மைதான். மங்கல் கோட்டைப் பார்த்து "இது பாதி" என்று நினைத்து வேலைக்குப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கருவிகளைப் பெரும்பாலும் 30 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் வைத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் மத்தியானத்தில் வன்னியில் நிழலே அதைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்த பெட்டியைக் கொண்டுவந்து பரிசோதித்தால் கட்டுப்பாட்டுக் கோடு ஒழுங்காக விழலாம், ஆனால் நோயைக் காட்டும் கோடு விழாமல் போகலாம். அன்று எங்கள் பெட்டி எங்கே கிடந்தது என்று பிறகு விசாரித்தேன். சரியான பதில் கிடைக்கவில்லை. இன்னொன்று, குச்சியை நோயாளி தலையை இழுக்க இழுக்க மூக்கு வாசலிலேயே சுழற்றிவிட்டு எடுப்பது. அது அன்று நடந்தது, நானே பக்கத்தில் நின்றேன்.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? பிசிஆர் மாதிரி எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம், ஆனால் முடிவு வருவதற்குள் தொற்று அதிகம் பரவும் நாட்கள் போய்விடும். எங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்றுதான்: 48 மணித்தியாலம் கழித்து மறுபடியும் அன்ரிஜன் செய்வது, அதுவரை தொற்று உள்ளவர் போலவே அவரை ஒதுங்கி இருக்கச் சொல்வது.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும் என்று சொன்னது சரி. இந்த மண்ணில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்றவற்றை எடுத்தால் டெங்குவில் இரத்தக்கசிவு கூடும். வயலில் நின்றவர் என்பதால் எலிக்காய்ச்சலும் மனதில் இருக்க வேண்டும். கெண்டைக்கால் கடுமையாக நொந்தாலோ, கண் சிவந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். கொரோனா அலை வந்ததற்காக மற்றக் காய்ச்சல்கள் விடுமுறையில் போகவில்லை. மூன்றாம் நாளில் ஒரு முழு இரத்தப் பரிசோதனை என்பது எங்கள் பழைய வழக்கம், அதையும் அன்று சொல்லாமல் விட்டேன்.

நெகற்றிவோடு வீட்டுக்குப் போனவர்

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் விறாந்தையில் எல்லோரோடும் இருந்து தேத்தண்ணி குடித்தார். சனிக்கிழமை ஊரில் ஒரு செத்தவீடு. "கொரோனா இல்லை என்று டொக்டரே சொல்லிட்டார்" என்று போய்வந்தார். வந்ததும் அம்மாவின் கட்டிலில் இருந்து செத்தவீட்டுக் கதை சொன்னார். அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் கிட்ட இருந்து உரத்துப் பேச வேண்டும்.

இந்த நோய் மற்றவருக்கு அதிகமாகத் தொற்றுவது அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தொடங்கிய பிறகு நான்கைந்து நாள் வரைக்கும்தான். அவர் செத்தவீட்டுக்குப் போனது மூன்றாம் நாள். மூடிய அறையில், கிட்ட இருந்து, உரத்துப் பேசுவதைவிட நன்றாகப் பரப்பும் வழி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருமகளுக்குக் காய்ச்சல். திங்கட்கிழமை, நோயின் ஐந்தாம் நாள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார். அவருக்கும் மருமகளுக்கும் இரண்டு கோடு. அம்மாவுக்கு ஒற்றைக் கோடு.

அம்மாவைத் தனியே வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எப்படி என்பதில்தான் பிழை நடந்தது. இரண்டு அறையில் ஒன்றை நோயாளிகளுக்கும் மற்றதை அம்மாவுக்கும் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குக் கொடுத்தது தென்மேற்கு மூலை அறை. ஆகஸ்டில் கச்சான் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வீசும். அந்த அறையின் யன்னலைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து, நோயாளியைத் தடவி, கதவு வழியே விறாந்தைக்கும் அம்மாவின் அறைக்கும் போகும். யன்னலைத் திறந்து வையுங்கள் என்ற அறிவுரையை அவர்கள் ஒழுங்காகப் பின்பற்றினார்கள். அறிவுரை சொன்ன நாங்கள் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்கவில்லை. அறைகளை மாற்றிக் கொடுத்திருந்தால் காற்று முதலில் அம்மாவைத் தொட்டு, பிறகு நோயாளியைத் தொட்டு வெளியே போயிருக்கும். ஒரு சாம்பிராணிக் குச்சியைக் கொளுத்திப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இடம் குறைந்த வீட்டில் இன்னும் நல்ல வழி, நோயாளியை வெளி விறாந்தையிலோ மாமர நிழலில் போட்ட கொட்டிலிலோ நுளம்புவலைக்குள் படுக்க வைப்பது. வன்னியில் பல வீடுகளில் இது முடியும். வெட்கம்தான் தடையாக இருந்தது. வருத்தக்காரரை வெளியே போட்டுவிட்டார்கள் என்று அயல் சொல்லுமே என்ற பயம். கவனிப்பதற்கு ஒரே ஒருவர், அவர் முகக்கவசத்தோடு போய்ச் சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே நின்று பேச வேண்டும். வெளிக் கழிவறையை நோயாளி பயன்படுத்திய பிறகு கதவைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மற்றவர் போகலாம். பாத்திரத்துக்குச் சவர்க்காரம் போதும். அந்த வீட்டில் பாத்திரங்களைத் தனித்தனியாக அவித்துக் கழுவினார்கள், ஆனால் ஆவி பிடிக்கும் பானையைச் சுற்றி மூன்று பேர் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். ஆவி மூக்கடைப்புக்குக் கொஞ்சம் சுகம் தரும், வைரஸை ஒன்றும் செய்யாது. சுடுதண்ணி சரிந்து வெந்தவர்களுக்கும் அந்த மாதம் மருந்து கட்டியிருக்கிறோம்.

ஆறாம் நாள்

செவ்வாய்க்கிழமை, ஆறாம் நாள், அவருக்குக் காய்ச்சல் விட்டது. பசி எடுத்தது. "இனிப் பயமில்லை" என்று மனைவி தொலைபேசியில் சொன்னார்.

டெங்குவை அறிந்த எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம், இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிவது அப்போதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட அன்று வைத்தியசாலைக்கு ஓடிவரும் தாய்மார் இங்கே இருக்கிறார்கள். ஆனால் கொரோனாவுக்கு அந்த அறிவைப் பொருத்திப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும்தான். கொரோனாவில் நடப்பது வேறு. முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. பெரும்பாலானவருக்கு அதோடு முடிகிறது. சிலருக்கு, ஏறத்தாழ ஐந்தாம் நாளில் இருந்து பத்தாம் நாளுக்குள், உடம்பின் சொந்த எதிர்ப்பே நுரையீரலில் அழற்சியைக் கிளப்புகிறது. காரணம் வேறாக இருந்தாலும் வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: காய்ச்சல் விட்டதும் கவனிப்பை விடக்கூடாது. சீனி வருத்தம் உள்ளவர், அறுபதை அண்டியவர் என்றால் இன்னும் கூடுதலாக.

வியாழக்கிழமை காலை நான் தொலைபேசியில் மகனிடம் கேட்டேன், இன்றைக்கு எத்தனையாம் நாள் என்று. "நாலாம் நாள் டொக்டர்" என்றான். இரண்டு கோடு விழுந்த திங்கட்கிழமையில் இருந்து அவன் எண்ணினான். பரிசோதனை நாளில் இருந்து எண்ணினால் நாலு, தொண்டை கரகரத்த நாளில் இருந்து எண்ணினால் எட்டு. நோய்க்குப் பரிசோதனை நாள் தெரியாது. நாலாம் நாள் ஆள் எழும்பி நடக்கிறார் என்றால் நல்ல செய்தி. எட்டாம் நாள் இருமல் கூடுகிறது என்றால் உடனே பார்க்க வேண்டிய செய்தி. "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்று கேட்டாலும் பிழையான பதில்தான் வரும். "உடம்பு முதல்முதல் எப்ப ஒரு மாதிரி இருந்தது?" என்று கேட்க வேண்டும்.

குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒட்சிசன் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு போகச் சொன்னேன். கை கழுவித் துடைத்து, விரலைச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்த்தபோது 94. அவர் முகம் சாதாரணமாக இருந்தது. "எனக்கு மூச்சு ஒண்டும் முட்டேல்லை பிள்ளை" என்றார். பிறகு முற்றத்தில் நாற்பது அடி எடுத்து வைத்து நடக்கச் சொன்னோம். 89.

இருந்தபடி பார்த்த எண்ணில் இருந்து மூன்று நான்கு குறைந்தாலே நுரையீரல் தன் இருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இவருக்கு ஐந்து குறைந்தது. கருமையான தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடக் காட்டும் பழக்கமும் உண்டு, ஆகவே எங்கள் ஆட்களில் 94 என்பதை 94 என்று முழுதாக நம்பக் கூடாது. ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, அது நாளுக்கு நாள் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். ஏற்கெனவே இருந்தபடியே 93க்குக் கீழே உள்ளவரையோ, இருந்த இடத்தில் இளைப்பவரையோ நடக்கவிட்டுப் பார்க்கக் கூடாது. அவரை அப்படியே வைத்தியசாலைக்கு ஏற்ற வேண்டும்.

அவருக்கு ஏன் மூச்சு முட்டவில்லை? மூச்சு முட்டுவதை எங்களுக்கு உணர்த்துவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவதல்ல, கரியமிலவாயு கூடுவது. இந்த நோயின் தொடக்கத்தில் நுரையீரல் இறுகாமல் இருப்பதால் கரியமிலவாயு தடையில்லாமல் வெளியேறுகிறது. ஒட்சிசன் மட்டும் சத்தமில்லாமல் இறங்குகிறது. அதனால் "மூச்சு முட்டுதா?" என்ற கேள்விக்கு இல்லை என்ற பதில் எதையும் உறுதிப்படுத்தாது. கருவி இல்லாத வீட்டில் செய்யக்கூடியது, மூச்சை எண்ணுவது. நோயாளிக்குச் சொல்லாமல், அவர் படுத்திருக்கும்போது வயிறு எழும்பி இறங்குவதை ஒரு முழு நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து எண்ண வேண்டும். சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும். வளர்ந்தவருக்கு 20 வரை சரி. 24க்கு மேல் போனால் வைத்தியசாலை. இவருக்கு 26.

1990 அம்புலன்ஸை அழைத்தோம். மகன் முதலில் முச்சக்கரவண்டி பிடிக்கிறேன் என்றான். வழியில் ஒட்சிசன் வேண்டும் என்பதால் காத்திருக்கச் சொன்னேன்.

அவரை அனுப்புவதற்கு முன் கட்டிலின் பக்கத்தில் இருந்த மருந்துகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதில் டெக்சாமெதசோன் இருந்தது. யாரோ அயலவர் கொடுத்தது, மூன்று நாளாக எடுத்திருக்கிறார். 2020 யூனில் வந்த பிரித்தானிய ஆய்வு முடிவுக்குப் பிறகு இந்த மருந்து உயிர் காக்கும் என்று எல்லோரும் அறிந்தார்கள். ஒட்சிசன் தேவைப்படுபவருக்குத்தான் அது உயிர் காத்தது என்ற பாதியை அறியவில்லை. ஒட்சிசன் தேவைப்படாதவருக்கு அது நன்மை செய்யவில்லை, தீமை செய்யவும் கூடும். வைரஸ் பெருகும் முதல் வாரத்தில் எதிர்ப்பை அடக்கும் மருந்து அது. காய்ச்சலையும் மறைக்கும். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டதில் அந்தக் குளிசைக்கும் பங்கு இருந்திருக்கலாம். சீனியோ 380ஐத் தாண்டியிருந்தது.

மாவட்ட வைத்தியசாலையில் மூக்குக்குழாய் வழியாக நிமிடத்துக்கு மூன்று லீற்றர் ஒட்சிசன் கொடுத்தபோது 95க்கு ஏறியது. குப்புறப் படுக்க வைத்தார்கள். இப்போது சரியான நேரத்தில் டெக்சாமெதசோன் ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, சீனிக்கு இன்சுலின். பதினான்காம் நாள் ஒட்சிசன் எடுத்தார்கள். பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா

அவரை ஏற்றிய மறுநாள் இரவு நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஒட்சிசன் பார்க்கும் கருவி அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டது. மருமகள் காய்ச்சலோடு தானே எழும்பி அம்மாவைக் கவனித்தாள். காலையும் மாலையும் வெப்பமானியை வைத்தாள். 98, 98, 97. கொப்பியில் எழுதி வைத்திருந்தாள், அதை நான் பிறகு பார்த்தேன். ஒரு நாளும் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை.

புதன்கிழமையே, அவரை முற்றத்தில் நடக்கவிட்டுப் பார்ப்பதற்கு முதல் நாள், அம்மா தேத்தண்ணி கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் சாப்பாடு பாதியானது, பகலில் நித்திரை கூடியது. மகனை நினைத்துக் கவலை என்று வீட்டில் நினைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பேரனின் பெயரை மாற்றிச் சொன்னார். அன்று பின்னேரம் கருவி திரும்பி வந்தபோது 84.

வயது போனவரின் உடம்பு காய்ச்சலைக் கிளப்பாமல் விடலாம். அவர்களுக்கு இந்த நோய் சாப்பாடு மறுப்பதாக, விழுவதாக, புதிய தடுமாற்றமாக, எழுப்ப எழுப்ப நித்திரையாக வரும். வழக்கமாகச் செய்யும் ஒன்றை அவர் செய்யாமல் விட்டால் அதுவே அறிகுறி. அந்த வீட்டில் அது தேத்தண்ணி. காய்ச்சலைப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அந்தப் பெண் நாங்கள் சொன்னதைத் தவறாமல் செய்தாள்.

அம்மா வைத்தியசாலையில் மூன்றாம் நாள் காலமானார். மகன் அதே கட்டடத்தில், வேறு விடுதியில், ஒட்சிசனைவிட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அதன் பிறகு எங்கள் பிரிவில் மாற்றியவை

நெகற்றிவ் முடிவோடு வெறுங்கையாக யாரையும் அனுப்புவதில்லை. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் மூன்று திகதிகளை எழுதுகிறோம்: உடம்பு முதலில் ஒரு மாதிரி இருந்த நாள், 48 மணித்தியாலம் கழித்து வரவேண்டிய நாள், எட்டாம் நாள். எட்டாம் நாளுக்குக் கீழே ஒரு கோடு. வீட்டில் யாராவது ஒருவர் ஐந்தாம் நாளில் இருந்து பத்தாம் நாள்வரை காலையும் மாலையும் மூச்சை எண்ணி எழுத வேண்டும் என்று அந்த ஒருவரை அழைத்துக் காட்டிக் கொடுக்கிறோம். நெஞ்சில் விடாத இறுக்கம், ஒரு வசனத்தை முடிக்க முடியாத இளைப்பு, புதிய தடுமாற்றம், விட்ட காய்ச்சல் திரும்பி வருவது, இவற்றில் எது வந்தாலும் எண்ணிப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம், 1990. உதடு நீலமாவதை எங்கள் நிறத்தில் வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பார்க்க வேண்டும். குழந்தைக்கு, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவதும் பால் குடிக்க மறுப்பதும்தான் அறிகுறி.

எப்போது வெளியே வரலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். வீட்டில் இருந்தே சுகமானவருக்கு அப்போது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கு, அறிகுறி தொடங்கிய நாளில் இருந்து பத்து நாளும், அதற்கு மேல் காய்ச்சலோ இருமலோ இல்லாத மூன்று நாளும். எங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை இன்னும் கூடுதலாக நிற்கச் சொன்னால் அதையே கேட்கச் சொன்னோம். வெளியே வருவதற்காகப் பிசிஆர் செய்யத் தேவையில்லை. செத்த வைரஸின் துண்டுகள் வாரக்கணக்கில் மூக்கில் கிடந்து பொசிற்றிவ் காட்டும்.

ஒக்ரோபர் முதல் வாரத்தில் அவர் கிளினிக்குக்கு வந்தார். வெள்ளை உடுத்திருந்தார். இருந்தபடி 97. வாசலில் இருந்து வேப்பமரம்வரை நடக்கச் சொன்னேன், 95. காலபோகத்துக்கு உழவு தொடங்கலாமா என்று கேட்டார். உழவு இயந்திரத்தில் ஏறலாம், மூட்டை தூக்க இன்னும் ஒரு மாதம் வேண்டாம் என்றேன். போகும்போது, "அண்டைக்கு என்னைச் செத்தவீட்டுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லியிருக்கலாம் டொக்டர்" என்றார். ஓம் ஐயா, சொல்லியிருக்க வேணும் என்று சொன்னேன்.